பன்னிரண்டு மணிக்கு வாழ்த்தாதீர்கள்

(செவிலியர் தினத்தன்று நடந்த ஒரு குடும்பச் சந்திப்பில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் சிஸ்டர்கள் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. பாதிப் பேர் நைட் முடித்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. தூக்கம் வந்தால் தூங்குங்கள். நான் பேச வந்தது உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணவர்மாரிடமும் பிள்ளைகளிடமும்தான்.

இன்றைக்கு மே 12. நைட்டிங்கேல் அம்மையார் 1820இல் பிறந்த நாள். நமக்கென்று உலகம் ஒதுக்கிய தேதியே ஒருவருடைய பிறந்தநாள்தான். அவரை எல்லாரும் நினைவு வைத்திருப்பதும் நைட் ரவுண்ட்ஸை வைத்துத்தான். கிரிமியப் போர் நடந்தபோது துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியில் கையில் விளக்கோடு நடந்த அம்மா. படம் வரைகிறவர்கள் அந்த விளக்கை அலாவுதீன் விளக்கு மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் எடுத்துப் போனது துருக்கியில் புழங்கிய காகிதக் கூண்டு விளக்கு. அது கிடக்கட்டும்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். அவன் மனைவி ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். “அக்கா, வர்ற 14ஆம் தேதி அவளுக்குப் பிறந்தநாள். நைட் டியூட்டி போட்டுட்டாங்க. மாத்திக் கேட்டும் யாரும் கிடைக்கல. ஒரு நல்ல வாழ்த்து எழுதி அனுப்பணும், என்ன எழுதறதுன்னு தெரியல” என்றான். எழுதிப் பார்த்ததையும் போனில் காட்டினான். நான் முதலில் கேட்டது, “எத்தனை மணிக்கு அனுப்பப் போற?” அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “பன்னிரண்டு மணிக்குத்தான் அக்கா, முதல் ஆளா.”

பன்னிரண்டு மணிக்கு வார்டில் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசிகளை வழக்கமாக ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு என்றுதான் வைத்திருப்போம். ஆகவே நள்ளிரவில் ஒரு முழுச் சுற்று ஊசி. அதே நேரத்தில் சென்சஸ், அதாவது அன்றைய நாள் முடிகிற நேரத்தில் வார்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்கிற கணக்கு. உங்களுக்குப் பிறந்தநாள் பிறக்கிற அந்த நிமிடம் எங்களுக்குக் கணக்கு முடிக்கிற நிமிடம்.

எனக்கே நடந்தது. பட்டன் போன் காலம். என் பிறந்தநாள், நான் ஊசி டிரேயைத் தள்ளிக்கொண்டு பத்தாவது பெட்டில் நிற்கிறேன். பாக்கெட்டில் போன் அதிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் குறுஞ்செய்தி. யாரென்று பார்க்கக்கூட இல்லை, அதிர்ந்ததே போதும். கையில் இருக்கிற மருந்து ஒன்பதாவது பெட்டுக்குப் போட்டுவிட்டேனா, இனிமேல்தான் போடணுமா என்று ஒரு நொடி மறந்துபோனது. கேஸ் ஷீட்டைத் திருப்பி, உடைத்த குப்பிகளை எண்ணி, முதல் பெட்டிலிருந்து மறுபடி சரிபார்த்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, இருபது நிமிடம் போனதோடு சரி. மருந்து எடுக்கும்போது குறுக்கே பேசினால் தவறு நடக்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் குறுக்குப் பேச்சு அன்று என் சொந்தக்காரர்கள் அன்பாக அனுப்பிய வாழ்த்தாக வந்தது.

அப்போ எப்போது அனுப்புவது? பெரும்பாலான வார்டுகளில் ஒரு மணிக்கு மேல் கொஞ்சம் ஓயும். டிரிப் மாற்றுவது, மூச்சு வாங்குகிறவரை எட்டிப் பார்ப்பது என்று வேலை இருக்கும், ஆனால் உட்கார நாற்காலி கிடைக்கும். மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பு நம் பேச்சைக் கேட்காது. உடல் வெப்பம் ஒரு நாளில் மிகக் கீழே இறங்குகிற நேரம் அது. குளிரும், கண் எரியும், படித்த வரியையே திரும்பப் படிப்போம். ஐந்து மணிக்கு மேல் ரத்த சாம்பிள், காய்ச்சல் பார்ப்பது, ஆறு மணி ஊசி, ரிப்போர்ட் எழுதுவது. ஏழு மணிக்கு ஹேண்ட் ஓவர் கொடுக்கிற வரை தலை நிமிராது. ஆக, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் அவள் எடுத்துப் பார்க்கிறபோது செய்தி அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ராத்திரி கண்விழித்து உட்கார வேண்டாம், பத்து மணிக்கே அனுப்பிவிட்டுத் தூங்கலாம். அந்தத் தம்பிக்கு இது உறுத்தியது. “முந்தின நாளே வாழ்த்தினா மாதிரி ஆயிடுமே அக்கா?”

ஆகட்டுமே! பன்னிரண்டு மணிக்கு நாள் பிறப்பது கடிகாரக் கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அந்தக் கணக்குப்படி அவள் பிறந்தநாள் விடிவதே ஆறு மணி ஊசி சமயத்தில். அவன் அம்மா நட்சத்திரம் பார்க்கிறவர், உடனே என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 14ஆம் தேதி பிறந்தநாள் என்றால் எந்த ராத்திரி டியூட்டி? 13ஆம் தேதி இரவு ஏழுக்குப் போய் 14 காலை ஏழுக்கு வருவதா, 14 இரவு போவதா? அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே. சரி, காகிதத்தில் போட்டுப் பார்ப்போம் என்றேன். நள்ளிரவிலிருந்து ஏழு வரை வார்டு. ஒரு மணி நேரம் பஸ். குளித்துச் சாப்பிட ஒரு மணி நேரம். ஒன்பதிலிருந்து மூன்று வரை தூக்கம். மூன்றிலிருந்து ஆறு வரை வீடு. ஆறுக்குக் கிளம்பினால் ஏழிலிருந்து மறுபடி வார்டு, நள்ளிரவு வரை. இருபத்து நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி, குடும்பத்தோடு விழித்திருப்பது சாயங்காலம் மூன்றே மணி நேரம். அவன் அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் எல்லாரும் கெடுப்பது அந்தக் காலை ஒன்பது மணித் தூக்கத்தைத்தான். பகல் தூக்கம் என்றைக்கும் ராத்திரித் தூக்கம் மாதிரி இருக்காது. வெளிச்சம் ஏற ஏற உடம்பு எழுந்திருக்கப் பார்க்கும். நடுவில் எழுப்பிவிட்டால் திரும்பப் பிடிக்காது. பத்தரை மணிக்கு அத்தை கூப்பிட்டு, “தூங்குறியாம்மா? சரி சரி தூங்கு, வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்பார். அதோடு முடிந்தது. அதே ஆள் அன்று ராத்திரி மறுபடி ஊசி டிரே தள்ள வேண்டும்.

இப்போது அவன் எழுதி வைத்திருந்ததைச் சொல்கிறேன். “வெள்ளை உடை தேவதையே, பிறந்தநாளிலும் ஓய்வின்றிச் சேவை செய்யும் உன் தியாகத்துக்குத் தலை வணங்குகிறேன்” என்று ஆரம்பித்து எட்டு வரி. முன்வரிசையில் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், கால் வீங்காது. நமக்கு எல்லாம் உண்டு. அவள் தேவதை இல்லை, உன் மனைவி, லீவு கேட்டும் கிடைக்காமல் டியூட்டிக்குப் போனவள். அதைத் தியாகம் என்று எழுதினால் லீவு தராதவர்களுக்குத்தான் வசதி. “பாவம், இன்றைக்குக்கூட டியூட்டியா” என்று எழுதுவதும் உதவாது. இன்னும் ஐந்து மணி நேரம் அங்கேதான் இருக்கப் போகிறாள், அவளுக்கு அது தெரியும்.

“பதில் கேட்கிற வாழ்த்தும் வேண்டாம்” என்றேன். “பார்த்தியா? பிடிச்சிருக்கா? ஏன் ரிப்ளை இல்லை?” என்று கேள்வி வைத்தால் அது இன்னொரு வேலை. ஏற்கெனவே நாற்பது பேருக்கு நன்றி போட வேண்டியிருக்கும். குரல் பதிவும் வேண்டாம், வார்டில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார முடியாது, நோயாளி கூப்பிட்டால் கேட்க வேண்டும். வீடியோ கால் கூடவே கூடாது. பின்னால் படுத்திருப்பவர் யார் வீட்டு அப்பாவோ. எழுத்துதான் நல்லது. சத்தம் போடாது, காத்திருக்கும், கவர் இல்லாத கடிதம் மாதிரி பாக்கெட்டில் கிடக்கும்.

போனைத் திறக்காமலே தெரிகிற முதல் வரியில் முக்கியமானதை வைக்கச் சொன்னேன். மீதியை அவனே எழுதினான். நான் கேட்டதெல்லாம், “அவள் போன பிறகு வீட்டில் என்ன நடந்தது, வந்ததும் என்ன இருக்கும், அதை எழுது” என்பதுதான். கடைசியில் அனுப்பியது இது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் படிக்கிறேன்:

“பதில் போட வேணாம், ஓய்வா இருக்கும்போது படி. பிறந்தநாள் வாழ்த்துகள்மா. பாப்பா ஒன்பதரைக்கே தூங்கிட்டா. நீ போட்ட ரெட்டைச் சடையை அவுக்க விடமாட்டேன்னு அப்படியே படுத்திருக்கா. காலைல கேசரி அடுப்பு மேல மூடி வெச்சிருப்பேன், சாப்பிட்டுட்டுப் படு. வந்ததும் உன் போன எங்கிட்ட குடுத்துடு. அத்தை, சித்தி எல்லாரையும் நாலு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லிட்டேன். நாலரைக்குக் கேக். போன வருஷம் நீ தச்ச அந்தப் பச்சைச் சுடிதார் இஸ்திரி போட்டாச்சு.”

இதில் கவிதை எங்கே என்று அவன் கேட்டான். நான் அந்தச் சடையைக் காட்டினேன்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இது எல்லாருக்கும் பொருந்தாது. ஐசியூவில் இருப்பவர்களுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்ற ஓய்வெல்லாம் கிடையாது. பிரசவ வார்டில் கேட்கவே வேண்டாம், அங்கே ராத்திரி முழுக்க வேறு பிறந்தநாள்கள் நடந்துகொண்டிருக்கும். தாலுகா ஆஸ்பத்திரியில் தனியாக நைட் பார்க்கும் சிஸ்டருக்கு விடியற்காலையில் ஒரு குரல் கேட்டால் தெம்பாகக்கூட இருக்கும். ஆகவே கணவர்மாரே, தேதி வருவதற்கு முன்னாலேயே ஒரு நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: “உனக்கு நைட்ல எப்ப உட்கார நேரம் கிடைக்கும்?” கேட்காமல் பத்து வருடம் குடும்பம் நடத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் செய்தியைப் படித்தது இரண்டே முக்காலுக்கு. பதில் போடவில்லை. காலையில் வீட்டுக்கு வந்து, போனை அவன் கையில் கொடுத்து, கேசரியை நின்றபடியே சாப்பிட்டிருக்கிறாள். முந்திரி கொஞ்சம் கருகிப்போயிருந்ததாம். மூன்று மணி வரை தூங்கி எழுந்தாள். அத்தை சரியாக நாலு மணி இரண்டு நிமிடத்துக்குக் கூப்பிட்டார்.