புளூரைடு ஊரில் புளூரைடு பூச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல் முகாம் நடந்துகொண்டிருந்தது. முதல் வகுப்பில் சேர்ந்திருந்த மகளின் கையை விடாமல் பிடித்தபடி ஒரு தந்தை என்னிடம் கேட்டார்: "எங்கள் தண்ணீரில் இருக்கிற புளூரைடு போதாதா டாக்டர்? நீங்கள் வேறு கொண்டுவந்து பூச வேண்டுமா?" பேசும்போது அவருடைய முன்பற்களில் பழுப்புக் கறை தெரிந்தது. புளூரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவர். அதனால் வந்த கறை அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைத் தடுக்கத்தான். ஆகவே அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளூரைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினாலே அது குடிக்கத் தகாத தண்ணீர். குழந்தை குடிப்பதும் சமையலில் சேர்வதுமாக ஒரு லிட்டர் உள்ளே போனால், நாளுக்கு 3 மில்லிகிராம். பால் பற்களுக்கு நான் பூசும் புளூரைடு வார்னிஷ் கால் மில்லிலிட்டர்தான், நாலைந்து சொட்டு. அது மிகச் செறிவான மருந்து என்றாலும், அந்த அளவில் இருக்கும் புளூரைடு 6 மில்லிகிராமுக்கும் குறைவு. முழுவதையும் விழுங்கினாலும் அந்தக் கிணற்றின் இரண்டு நாள் தண்ணீருக்கு ஈடாகாது. தண்ணீரோ தினமும் போகிறது. பூச்சு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வேலை செய்யும் விதமும் வேறு. கறை, பல் ஈறுக்குள் உருவாகும்போதே இரத்தத்தின் வழியாக வந்து சேர்கிறது. வார்னிஷ், முளைத்துவிட்ட பல்லின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு, இனிப்பைத் தின்னும் கிருமிகளின் அமிலத்தால் பல் இழந்த கனிமத்தைத் திரும்பப் படிய வைக்கிறது. அதனால் அந்தத் தந்தையின் கறையை இது போக்காது. விழுந்துவிட்ட குழியையும் அடைக்காது.

பிறகு அந்தச் சிறுமியின் உதட்டைத் தூக்கி, பஞ்சால் பல்லைத் துடைத்துப் பார்த்தேன். மேல் பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல மங்கிய வெள்ளை வளையம். புளூரைடு வெண்மை பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாக, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். ஈறோரம் அழுக்கு தங்கும் இடத்தில் மட்டும் இருந்தால், அது சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில்தான் பூச்சு அதிகம் உதவுகிறது. ஏற்கெனவே சொத்தை உள்ளவர்கள், இரவில் பால் புட்டியோடு தூங்கும் குழந்தைகள், கடைவாய்ப் பல் புதிதாக முளைக்கும் ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஆகியோருக்கும் பயன் உண்டு. கிணற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கும் வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், நான் முதலில் தண்ணீரை மாற்றச் சொல்வேன். காய்ச்சினால் புளூரைடு போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும்.

பூசுவதற்கு இரண்டு நிமிடம் போதும். எச்சில் பட்டதும் மருந்து இறுகிவிடும். பெரிய டியூபிலிருந்து எடுத்துப் பூசும் முகாம்களில் ஒரு தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்து அடியில் படிந்திருக்கும். கலக்காமல் எடுத்தால் ஒரு குழந்தைக்கு நீர்த்தது, இன்னொரு குழந்தைக்குக் கெட்டியானது. ஆளுக்கொன்றாக வரும் சிறு பொட்டலமே நல்லது. அதையும் கலக்கிவிட்டே பூச வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொது வழக்கம். வெள்ளை வளையம் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஜூனில் பூசிவிட்டு டிசம்பரில் மறந்துபோகும் முகாமால் பெரிய பலன் இல்லை.

பள்ளியில் காலை உணவு முடிந்த பிறகு பூசுவதே நல்லது. மதியம் ஆறிய சாம்பார் சாதமும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். களி கிண்டினால் நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், சூடான டீ அன்று வேண்டாம். இரவு பல் தேய்க்காமல், மறுநாள் காலையில் தேய்த்தால் போதும். பல் ஒருநாள் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், தேய்த்ததும் போய்விடும். வாயில் புண் இருந்தாலோ, குழந்தை கடும் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாலோ, பிசின் கலந்த பிளாஸ்திரி ஒவ்வாமல் தடித்திருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். வார்னிஷிலும் ஒரு மரப்பிசின்தான் இருக்கிறது.

அந்தத் தந்தை கையை விட்டார். மகள் வாயைத் திறந்தாள். மூன்று மாதம் கழித்து அவரே அழைத்துவந்தார். வளையத்தின் மேல்பரப்பு முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது. வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பரிசோதனைக்கு எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.