பாணி பார்த்துப் பாடமா?

எதிரணித் தலைவரான அதிபர் ஐயா கேட்டது: “பார்த்துப் படிக்கிற பிள்ளைக்குப் படம் காட்டு, கேட்டுப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடு. முப்பது வருடமாக வகுப்பிலே கண்ட உண்மை இது. இல்லையென்று எப்படிச் சொல்லுவீர்கள்?”

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அதிபர் ஐயா கண்டது பொய்யில்லை. கரும்பலகையில் படம் கீறியதும் ஒரு பிள்ளைக்கு விளங்கியிருக்கும். ஆனால் அதே படம், ‘கேட்டுப் படிக்கிற’ பிள்ளை என்று அவர் ஒதுக்கி வைத்த பிள்ளைக்கும் விளங்கியதா? அதை அவர் தனியாகப் பார்க்கவில்லை. பிள்ளையின் கற்றல் பாணி பார்த்துப் படிப்பித்தால் கூடுதல் பயன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை என்ற எங்கள் வழக்கு இந்த இடத்தில்தான் நிற்கிறது.

சாதாரண தர விஞ்ஞானத்தில் இதயப் பாடத்தை எடுங்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எந்தப் பாணி பிடிக்கும் என்று கேட்கும் வினாக்கொத்துக் கொடுத்ததில் இருபது பேர் ‘பார்த்தல்’, இருபது பேர் ‘கேட்டல்’ என்று வருகிறது. இனிச் செய்யவேண்டியது, ஒவ்வொரு இருபதையும் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்தாகப் பிரிப்பது. ஒரு பத்துக்குப் படத்தோடு பாடம், மற்றப் பத்துக்கு வெறும் வாய்விளக்கம். நேரம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்.

பார்த்தல் பிள்ளைகள் படப்பாடத்தில் சராசரி 7, வாய்விளக்கத்தில் 5 என்றும், கேட்டல் பிள்ளைகள் அதற்கு நேர்மாறாக 5, 7 என்றும் வந்தால் அதிபர் ஐயா வென்றார். இரு பகுதியாரும் படத்தில் 7, வாய்விளக்கத்தில் 5 என்றால்? இதயத்துக்குப் படம் நல்லது என்பது மட்டும்தான் தெரிகிறது. பிள்ளையின் பாணிக்கு அங்கே வேலையில்லை. இவை விளக்கத்துக்கு நான் வைத்த எண்கள். பத்துப் பேர் போதாது, உண்மையான ஆய்வுக்கு இன்னும் பலர் வேண்டும்.

எங்கள் பாடசாலைகளில் நடப்பது வேறு. வினாக்கொத்து நிரப்புவோம். பிறகு படம், பாட்டு, செய்முறை எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுப்போம். புள்ளி கூடும், பாணிக்குப் பேர் போகும். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழு இல்லாதபடியால், எதனால் கூடியது என்று யாராலும் சொல்லமுடியாது.

2008இல் பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தேடிப் பார்த்தார்கள். நான் சொன்ன இந்தச் சோதனை முறையில் செய்தவை மிகச் சொற்பம், அவற்றிலும் பல, பாணிக் கொள்கைக்கு எதிராகவே நின்றன. 2015இல் ரொகோவ்ஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்ந்தோரிடம் ஒரே நூற்பகுதியைச் சிலருக்கு வாசிக்கவும் சிலருக்குக் கேட்கவும் கொடுத்தார்கள். உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்தபோது, விருப்பத்துக்கு ஏற்ற வழி கிடைத்ததால் கூடுதல் பயன் ஒன்றும் தெரியவில்லை.

(நடுவர்: “அப்ப ஏன் ஆசிரியர்கள் நம்புகினம்?”)

நல்ல கேள்வி ஐயா. 2012இல் பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் கேட்டபோது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நம்பினார்கள். நாங்கள் மட்டும் ஏமாறவில்லை! ‘பிள்ளை மொக்கில்லை, பாணிதான் வேறு’ என்று பெற்றோரிடம் சொல்லுவது ஆறுதல். அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வினாக்கொத்து அளப்பது பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை. எது மனதில் நிற்கும் என்பதையல்ல.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தங்கச்சி, நுண்மதி ஒன்றல்ல, பல என்று சொல்லும் பல்வகை நுண்மதிக் கொள்கைக்கு அதை வகுத்த உளவியலாளர் காட்னரைச் சாட்சிக்கு அழைத்தார். 1983இல் அவர் ஏழு நுண்மதிகளைச் சொன்னார், பிறகு இயற்கை நுண்மதியைச் சேர்த்தார். அதுவரை தங்கச்சி சரி. ஆனால் தன் கொள்கை கற்றல் பாணி அல்லவென்று காட்னரே எழுதியிருக்கிறார். சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார்! அந்த நுண்மதிகள் தனித்தனியானவையா என்பதிலும் சிக்கல் உண்டு. மொழி, கணிதம், இடவுணர்வு போன்ற திறன்களைச் சோதித்தால், ஒன்றில் கூடியவர் மற்றதிலும் பெரும்பாலும் கூடுகிறார். சரி, இசைப் பிள்ளைக்கு இதயத்தைப் பாட்டாக்குவோம். சோணையறை, இதயவறை என்ற ஒழுங்கு மனப்பாடமாகும். இடது இதயவறையின் சுவர் ஏன் தடிப்பு? அது உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளவேண்டும், வலது இதயவறை சுவாசப்பைகளுக்கு மட்டும் தள்ளினால் போதும். இந்தக் காரணத்தை மெட்டு விளக்காது.

மூன்றாவதாகப் பேசிய அண்ணை, தன் மகன் ஒலிப்பதிவு கேட்டே உயர்தரம் சித்தியடைந்தான் என்றார். மகிழ்ச்சி. வாசித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று அறிய இன்னொரு மகன் வேண்டுமே அண்ணை! ‘அப்ப எல்லாப் பிள்ளையும் ஒன்றா?’ என்றும் கேட்டார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு நாடி, நாளம் வேறுபாடே தெரியாது, இன்னொன்றுக்குத் தெரியும். அந்த வேறுபாட்டைப் பார்த்துப் படிப்பிக்கத்தான் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்குத் தொட்டறியும் மாதிரி தேவைதான், அது பாணியல்ல. பிடித்த வழியைக் கொடுத்தால் பிள்ளை கூடுதல் நேரம் இருந்து படிக்குமா என்பதை நான் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை.

மணி அடித்துவிட்டது. எதிரணி மறுமொழிக்கு வரும்போது நுண்மதிகளின் பட்டியலை விட்டுவிட்டு, 7-5, 5-7 என்று வரைபில் இரு கோடுகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற ஒரு வகுப்பின் புள்ளியைக் கொண்டுவரட்டும்.