சந்திராஷ்டமத்தில் கணக்குப் பரீட்சை

“அம்மா, நாளைக்கு எனக்குச் சந்திராஷ்டமமாம், தாத்தா சொன்னார். கணக்குல மார்க் குறைஞ்சிடுமா?”

நடுவர் அவர்களே, சந்திராஷ்டமத்தன்று பரீட்சை எழுதினால் மார்க் குறையும் என்கிறது எதிரணி; என் மகளும் இப்படித்தான் பயந்து கேட்டாள். “அதெல்லாம் மூடநம்பிக்கை, போய்ப் படி” என்று அவளை விரட்டியிருக்கலாம். விரட்டினால் பயம் போகுமா? தாத்தா அக்கறையில் சொன்னது வேறு. அதனால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்: “சந்திரன் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவர ஏறக்குறைய 27 நாள். ஒரு ராசியில் எத்தனை நாள் இருக்கும்?”

“இரண்டேகால் நாள்.”

“உன் ராசிக்கு எட்டாவது ராசியில் அது இருக்கும் நேரம்தான் சந்திராஷ்டமம். அப்படியென்றால் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு ராசிக்காரருக்கு அது நடந்துகொண்டுதான் இருக்கும். நாளைக்கு ஆறு லட்சம் பேர் எழுதினால்?”

“ஐம்பதாயிரம் பேருக்கு வரும்” என்றவள், “அதுல நல்லாப் படிக்கிறவங்களும் இருப்பாங்களே!” என்றாள். பாதி பயம் அங்கேயே இறங்கிவிட்டது.

எதிரணித் தலைவர் விவரம் தெரிந்தவர். ராசியை மட்டும் பார்த்தால் போதாது, முழு ஜாதகத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். அதையும் சோதித்திருக்கிறார்கள் ஐயா. வானியல் அறிஞர் ஜெயந்த் நர்லிகரும் அவருடன் இருந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் 200 ஜாதகங்களைச் சேர்த்தார்கள். பாதி, படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுடையவை. பாதி, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை. 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து, எது யாருடையது என்று எழுதி அனுப்பினார்கள். சராசரியாக நூற்றுக்கு 46 சரி. காசு சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும்! முடிவு 2009-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஆனால் அது பிறவித் திறமையைப் பற்றிய சோதனை, பரீட்சை நாளைப் பற்றியது அல்ல. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவதாகப் பேசிய அம்மையார், தம் மகன் சந்திராஷ்டமத்தன்று எழுதிய தாளில் தோற்றதைச் சொல்லிக் கண்கலங்கினார். வருத்தம்தான். மற்ற சந்திராஷ்டம நாட்களில் எழுதி அவன் தேறிய தாள்கள் எத்தனை? அதை யாரும் குறித்துவைப்பதில்லை, நானும்தான்.

பயந்து எழுதினால் மார்க் குறையும் என்றார் எதிரணியில் பேசிய தம்பி. அது உண்மை, ஆனால் குறைத்தது பயமா, சந்திரனா? அதைப் பிரித்துப் பார்க்க மகளுக்கு ஒரு வழி சொன்னேன். “காலண்டரைத் திறக்காமல் வருஷம் முழுக்க எழுதும் டெஸ்ட்டின் தேதியையும் மார்க்கையும் குறித்து வை. சந்திராஷ்டம நாட்களை அப்புறம் தாத்தாவிடம் கேட்டு ஒப்பிடு. பன்னிரண்டு டெஸ்ட்டுக்கு ஒன்றுதான் அதில் விழும், அதனால் அவசரப்படாதே.”

“அப்போ தாத்தா சொன்னது பொய்யா?” என்றாள். “அவர் நம்புகிறார், நீ குறித்துப் பார்” என்றேன். தாத்தாவுக்கு இன்னும் என்மேல் கோபம்.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த ஐம்பதாயிரம் பேரின் மார்க்கை யார் எண்ணிப் பார்த்தார்கள்?