காலை 5:15-க்கு லைட்டைப் போட்டா பக்கத்துல தூங்குறவங்களுக்கு மணி என்ன? ஒரே பெட்ரூம், ரெண்டு தூக்கம்

[திரையில்: இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்றில் 5:15, இன்னொன்றில் 2:00]

காலையில அஞ்சேகால். வீட்டுக்காரர் எழுந்து டியூப்லைட்டைப் போடுறார். அவருக்கு விடிஞ்சாச்சு. பக்கத்துல படுத்திருக்கிற மனைவி ராத்திரி பன்னெண்டரைக்குத் தூங்குறவங்க. அவங்க உடம்புக்கு அப்போ மணி என்ன தெரியுமா? அவரோட கணக்குல சொன்னா, நடுராத்திரி ரெண்டு மணி. இது சும்மா சொல்றதில்ல, கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

வணக்கம் மக்களே. ஒருத்தர் விடியற்காலை ஆளு, இன்னொருத்தர் ராத்திரி ஆளு. ரூம் ஒண்ணு, கட்டில் ஒண்ணு. மனக்கசப்பு இல்லாம படுக்கிற நேரத்தை எப்படிப் பேசி முடிக்கிறதுன்னு பார்க்கலாம்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடுறேன். மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது ஒரு சுத்து முடிக்க சராசரியா 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கும். கண்ணு வழியா வர்ற வெளிச்சத்தை வெச்சு தினமும் தன்னைச் சரி பண்ணிக்கும். யாருக்கு முன்னாடி ஓடும், யாருக்குப் பின்னாடி ஓடும்ங்கிறதுல பரம்பரைக்கும் வயசுக்கும் பங்கு இருக்கு. இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு பழ ஈயை வெச்சுக் கண்டுபிடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017-ல நோபல் பரிசு கொடுத்தாங்க. பின்னணி போதும், வீட்டுக்குள்ள போவோம்.

முதல்ல அளக்கணும். அளக்காம பேச ஆரம்பிச்சா "நீ சோம்பேறி", "நீங்கதான் வாழ விடமாட்டேங்கிறீங்க"ன்னு சண்டையிலதான் முடியும். தொடர்ந்து ரெண்டு மூணு நாள் லீவு வரும்போது ரெண்டு பேருமே அலாரம் வைக்காதீங்க. முதல் நாளைக் கணக்குல சேர்க்க வேண்டாம், அன்னைக்கு வாரக் கடைசிக் களைப்புல கூடுதலா தூங்கிடுவோம். அடுத்த நாள் எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, எத்தனை மணிக்குத் தானா முழிப்பு வந்துச்சுன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டுக்கும் நடுவுல வர்ற நேரம்தான் உங்க தூக்கத்தோட நடுப்புள்ளி.

வேளச்சேரியில ஒரு ஜோடின்னு வெச்சுக்குவோம். ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், ஒரு ரூம்ல மாமியார். கணவருக்கு பேங்க் வேலை, காலையில ஏரிக்கரையில வாக்கிங். மனைவி ஐடி. அமெரிக்காக்காரங்களோட கால் முடியவே பதினொன்னேகால் ஆயிடும். லீவு நாள்ல அவர் ஒம்பதே முக்காலுக்குத் தூங்கி அஞ்சேகாலுக்கு எழுந்திருக்கிறார், நடுப்புள்ளி ஒண்ணரை. அவங்க ஒரு மணிக்குத் தூங்கி எட்டரைக்கு எழுந்திருக்கிறாங்க, நடுப்புள்ளி நாலே முக்கால். வித்தியாசம் மூணேகால் மணி நேரம். ரெண்டு பேருமே ஏழரை மணி நேரம்தான் தூங்குறாங்கங்கிறதைக் கவனிங்க. இதுல சோம்பேறி யாருமே இல்ல.

உங்க வீட்டு வித்தியாசம் எவ்வளவுன்னு கமென்ட்ல போடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான், இதை வெச்சு என்னெல்லாம் புரியுதுன்னு பாருங்க. ஆரம்பத்துல சொன்ன அஞ்சேகால்லேருந்து மூணேகாலைக் கழிச்சா ரெண்டு மணி, அதுதான் அந்த நடுராத்திரி ரெண்டு மணி.

[திரையில்: ஒரே கோடு, மேலே அவருடைய நேரம், கீழே அவங்களுடைய நேரம், மூணேகால் மணி நேரம் தள்ளி]

"பத்து மணிக்கு நீயும் வந்து படு"ன்னு அவர் கூப்பிடுறார். பத்துலேருந்து மூணேகாலைக் கழிங்க. சாயங்காலம் ஆறே முக்கால். அந்த நேரத்துல பேங்க்லேருந்து வந்து காபி குடிச்சிட்டு இருக்கிறவரை உடனே படுத்துத் தூங்குங்கன்னு சொன்னா முடியுமா? அவங்க நிலைமையும் அதேதான். இப்போ அந்தப் பக்கம் பாருங்க. "இன்னும் ஒரு எபிசோடு பார்த்துட்டுப் படுக்கலாம், பன்னெண்டு மணிதானே"ன்னு அவங்க கேட்கிறாங்க. அவர் உடம்புக்கு அது, அவங்களோட கணக்குல சொன்னா, விடியற்காலை மூணேகாலுக்குச் சமம். அவர் சோபாவிலேயே சாய்ஞ்சு குறட்டை விடுறது அக்கறை இல்லாததால இல்ல.

இன்னொரு விஷயம் இதைவிட ஆச்சரியம். 1986-ல பெரெட்ஸ் லவீங்கிற இஸ்ரேல் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செஞ்சார். வந்தவங்களை ஏழு நிமிஷம் தூங்கச் சொல்லி, பதிமூணு நிமிஷம் முழிச்சிருக்கச் சொல்லி, இப்படியே ஒரு நாள் பூரா. சாயங்காலம் ஆக ஆகக் களைப்பு கூடும், தூக்கம் சுலபமா வரும்னுதானே நினைப்போம்? நேர்மாறா நடந்துச்சு. வழக்கமா தூங்குற நேரத்துக்குச் சில மணி நேரம் முன்னாடி ஒரு கட்டம் வருது. நாள் பூராவுலயும் தூங்கவே கஷ்டமான நேரம் அதுதான். அதைத் தூக்கத்தோட தடைக்காலம்னே அவர் குறிப்பிட்டார். பன்னெண்டரை, ஒரு மணிக்குத் தூங்குறவங்களுக்கு அந்தக் கட்டம் எங்கே விழும்? கிட்டத்தட்ட பத்து மணிக்கு! அன்புக்காகப் பத்து மணிக்கே வந்து படுத்தா ரெண்டு மணி நேரம் ஃபேனையே பார்த்துட்டு இருக்க வேண்டியதுதான். தினமும் இப்படிப் படுத்தா, கட்டில்னாலே தூக்கம் வராத இடம்னு மனசு பழகிடும். அப்புறம் பன்னெண்டரைக்குக்கூடத் தூக்கம் வராது. அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா பதினொரு மணின்னு நடுவுல ஒரு நேரத்தை வைக்காதீங்க. பார்க்க நியாயமா இருக்கும், ஆனா ரெண்டு பேருக்கும் தூக்கம் கெடும்.

அப்போ எதைப் பேசி முடிக்கணும்? ரூம் எத்தனை மணிலேருந்து எத்தனை மணி வரைக்கும் இருட்டா இருக்கணும்ங்கிறதை. அவர் ஒம்பதே முக்காலுக்குத் தூங்குறார். வேலை நாள்ல அவங்க பன்னெண்டரைக்குத் தூங்கி ஏழே முக்காலுக்கு எழுந்திருக்கிறாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து தூங்குறது நாலே முக்கால் மணி நேரம்தான், ஆனா ரூம் இருட்டா இருக்க வேண்டியது பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்துல யாருக்கு எது தேவையோ, எல்லாமே ரூமுக்கு வெளியே போயிடணும். அவரோட வாக்கிங் ஷூ, மூக்குக் கண்ணாடி, காலையில போடுற பனியன், வீட்டுச் சாவி எல்லாம் ஹாலுக்கு. அவங்க லேப்டாப், சார்ஜர், நைட்டி, ராத்திரி மாத்திரை எல்லாமும் ஹாலுக்கு. இருட்டுல பீரோ கதவு கிறீச்சுன்னு திறந்தா ஏற்பாடு மொத்தமும் வீண். கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. ஹால் வெளிச்சம் கதவுக்கு அடியில வந்தா பழைய துண்டைச் சுருட்டி வைங்க.

இப்போ அவங்க உள்ளே வர்ற நேரம், அவர் வெளியே போற நேரம். இது ரெண்டும் ஒண்ணு இல்ல, நிறைய வீட்டுல தப்பு நடக்கிறது இங்கதான். தூங்கின முதல் மூணு மணி நேரத்துலதான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பன்னெண்டேகாலுக்கு மனைவி மெதுவா உள்ளே வந்தா அவர் பெரும்பாலும் அசைய மாட்டார். ரெண்டு, ரெண்டரைக்கு வந்தாத்தான் சிக்கல். அதுக்குள்ள தேவையான தூக்கத்துல பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும், ஒரு தடவை முழிப்பு வந்தா மறுபடி தூங்குறது கஷ்டம். அதனால அவங்க பக்கத்து வாக்குறுதி: ஒரு மணிக்குள்ள உள்ளே வந்துடுறது. அதுக்கு மேல ஆயிடுச்சுன்னா அன்னைக்கு ஹால் திவான்.

அவர் எழுந்திருக்கிறப்போ நிலைமை தலைகீழ். அஞ்சேகாலுக்கு அவங்களுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரத் தூக்கம் பாக்கி. கனவு அதிகமா வர்ற தூக்கம் பெரும்பகுதி அந்தக் கடைசி நேரத்துலதான் இருக்கு. சத்தத்துக்குச் சுலபமா முழிப்பும் வந்துடும். அப்படின்னா காலையில வெளியே போறவர்தான் ராத்திரி உள்ளே வர்றவங்களைவிட அமைதியா இருக்கணும். ஆனா நம்ம வீடுகள்ல ராத்திரி லேட்டா வர்றவங்க திருடன் மாதிரி அடி மேல அடி வெச்சு வருவாங்க, காலையில எழுந்திருக்கிறவர் லைட், கீசர், பக்திப் பாட்டுன்னு வீட்டையே எழுப்புவார். காலையில எழுந்திருக்கிறது நல்ல பழக்கம்னு எல்லாரும் பாராட்டுறதால அந்தச் சத்தம் யாருக்கும் தப்பாத் தெரியறதில்ல. எனக்கு இது நியாயமாப் படல.

அதனால அலாரத்தைப் போன்ல வைக்காம, கையில அதிர்ற ஸ்மார்ட் பேண்டுல வைக்கணும். ஸ்னூஸ் கூடவே கூடாது. அவர் மூணு தடவை தள்ளிப்போட்டா, அவங்களுக்கு மூணு தடவை தூக்கம் கலையும். சென்னையில ஜூன் மாசத்துல சூரியன் சீக்கிரம் உதிக்கிற நாள்லகூட மணி அஞ்சு நாப்பது ஆயிடும், ஜனவரியில ஆறரைக்குப் பக்கத்துல. அதனால அஞ்சேகாலுக்கு வருஷம் பூரா இருட்டுதான், லைட்டுக்குக் கை போகத்தான் செய்யும். அதுக்குத் தரையோட ஒட்டின பிளக்குல அரை வாட் நைட் லேம்ப் மாட்டுங்க, நிறம் சிவப்பு இல்லேன்னா ஆரஞ்சு. நீலம் வேண்டாம், தூக்கத்தை அதிகமாக் கெடுக்கிறது அந்த நிற வெளிச்சம்தான். ரூமுக்குள்ள பாத்ரூம் இருந்தா, காலையில அவர் வெளியே இருக்கிற பாத்ரூமுக்குப் போயிடணும்.

கட்டில் ஆறடி அகலம்னா பெரிய மெத்தை ஒண்ணுக்குப் பதிலா மூணடி மெத்தை ரெண்டு போடுங்க. ஒருத்தர் உட்கார்ந்து எழுந்தா இன்னொருத்தர் குலுங்க மாட்டாங்க. போர்வையும் ஆளுக்கு ஒண்ணு.

சரி, சேர்ந்து படுக்கிற நெருக்கம் போயிடாதான்னு கேட்பீங்க. போகக் கூடாது. ஒம்பதேகால் மணிக்கு மீட்டிங் வேண்டாம்னு டீம்ல சொல்லி, ஒம்பதேகால்லேருந்து ஒம்பதே முக்கால் வரைக்கும் அவங்களும் வந்து பக்கத்துல படுத்துப் பேசட்டும், போனைத் தொடாம. அவர் கண்ணு சொக்கும்போது எழுந்து ஹாலுக்குப் போயிடலாம். தாம்பத்தியத்துக்கும் ராத்திரி படுக்கிற நேரத்தையே நம்பியிருந்தா யாராவது ஒருத்தர் களைப்பாத்தான் இருப்பாங்க. சனிக்கிழமை மத்தியானமோ ஞாயித்துக்கிழமை காலை ஒம்பது மணிக்கு மேலயோ வெச்சுக்கலாம்னு வெளிப்படையாப் பேசிடுங்க.

வேலையையும் கடிகாரப்படி பிரிங்க. பால் பாக்கெட், காலை டிபன், தண்ணி கேன் அவருக்கு. பாத்திரம், பால் உறைக்கு ஊத்துறது, மறுநாள் காய் நறுக்குறது, கேட்டைப் பூட்டுறது அவங்களுக்கு. மிக்ஸியும் குக்கர் விசிலும் இருட்டு நேரத்துக்கு வெளியே. காலைச் சட்னியை ராத்திரி ஒம்பதுக்கே அரைச்சு ஃபிரிட்ஜுல வைங்க.

மாமியார் "இன்னும் எழுந்திருக்கலையா?"ன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியது மருமகள் இல்ல, மகன். "அவ ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வேலை பார்க்கிறாம்மா, ஏழே முக்காலுக்குத்தான் எழுந்திருப்பா. டிபன் நான் பண்ணிடுறேன், உங்களுக்கு இட்லியா தோசையா?" இதையே மருமகள் சொன்னா எதிர்த்துப் பேசுறான்னு ஆயிடும், மகன் சொன்னா வீட்டு வழக்கமா மாறிடும்.

மூணு வாரம் இப்படி இருந்து பாருங்க. அதுக்கப்புறமும் அவர் பகல்ல தூங்கி வழிஞ்சார்னா, ஒரு வாரம் வேற ரூம்ல தனியாப் படுத்துப் பார்க்கட்டும். தனியாப் படுத்தும் அதே களைப்புன்னா காரணம் பக்கத்துல படுக்கிறவங்க இல்ல. பலமான குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறி வர்றதுன்னு இருந்தா அது நேரத் தகராறே இல்ல, தூக்கப் பரிசோதனைக்கு டாக்டரைப் பார்க்கணும். அதே மாதிரி லீவு நாள்லகூட விடியற்காலை மூணு, நாலு மணிக்கு முன்னாடி தூக்கமே வராம வேலைக்குப் போறது பாதிக்குதுன்னா, அதுக்கும் சிகிச்சை இருக்கு. போகும்போது ரெண்டு வாரம் தூங்கின நேரம், எழுந்த நேரத்தைத் தேதியோட எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல கேட்கிறது அதுவாத்தான் இருக்கும்.