சினையலர் வேம்பனும் சினமும்: மேற்கோள் இல்லாத வரியைப் பிடிப்பது எப்படி?

வணக்கம். ஸ்கிரீன்ல இருக்கிறது ஒரு மாதிரி விடை. சிலப்பதிகாரத்துல பாண்டியன் நெடுஞ்செழியனோட பாத்திரப்படைப்பு. நாலே வரிதான்: 'பாண்டியன் கோபக்காரன். தீர விசாரிக்காதவன். மக்களை மிகவும் நேசித்தவன். தன் தவறை ஒப்புக்கொண்டவன்.'

பென்சிலை எடுத்து, அவனோட குணத்தைச் சொல்ற ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போடுங்க. பக்கத்துல ரெண்டு விஷயம் எழுதணும்: எந்தக் காதையில வருது, யார் சொல்றாங்க. எழுத முடியலேன்னா அந்த வரி அந்தரத்துல நிக்குதுன்னு அர்த்தம்.

'விசாரிக்காதவன்', இதுக்கு எல்லாரும் 'தேரா மன்னா'ன்னு எழுதிடுவாங்க. ஆனா வழக்குரை காதையில அதைச் சொல்றது கண்ணகி. புருஷனைப் பறிகொடுத்தவ வைக்கிற குற்றச்சாட்டு அது. அதை மட்டும் காட்டினா, 'கண்ணகி பார்வையில்'னுதான் எழுதலாம். கொலைக்களக் காதைக்குப் போங்க. 'வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி'. இதைச் சொல்றது கவிஞர். இப்போ வரி நிக்குது. ரெண்டையும் சேர்த்துக் காட்டினா இன்னும் பலம். ஆனா 'வினைவிளை காலம்'கிறதை வெட்டிட்டு மேற்கோள் காட்டாதீங்க. விதியையும் காரணமா வைக்கிறார் கவிஞர்.

அடுத்து 'கோபக்காரன்'. இதுக்கும் இதே அடியைத்தான் காட்டுவாங்க, 'சினை'யைச் சினம்னு படிச்சுட்டு! சினைன்னா மரக்கிளை. கிளையில பூத்த வேப்பம்பூவைச் சூடினவன், அதாவது பாண்டியன், அவ்வளவுதான். அந்த இடத்துல ஊடல் தேவிக்குத்தான். தலைவலின்னு சாக்குச் சொல்லிட்டு எழுந்து போயிடுறா; அவளைத் தேடிப் போற வழியிலதான் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு ராஜா ஆணை போடுறான். அவசரம்னு எழுதுங்க, பொருந்தும். கோபத்தை அடிச்சிடுங்க.

'மக்களை மிகவும் நேசித்தவன்', இது கொஞ்சம் நுணுக்கம். 'மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது'ன்னு அவனே சொல்றான். மேற்கோள் இருக்கு, ஆனா அது காவல் கடமையைப் பேசுது, பாசத்தைப் பேசல. இங்கே வரியை அழிக்க வேண்டாம், மேற்கோள் அளவுக்குச் சுருக்குங்க: 'மக்களைக் காப்பதே தன் கடமை என உணர்ந்தவன்.' 'மிகவும்' போயிடணும். அதுக்கு எந்த அடியும் சாட்சி சொல்லாது.

கடைசி வரிக்கு 'யானோ அரசன் யானே கள்வன்' போதும். முந்தின அடி 'பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட'. அதையும் சேர்த்து எழுதினா, எந்தத் தவறை ஒப்புக்கிறான்னு தனியா விளக்கவே வேண்டாம்.

இதே பாண்டியனை 'நீதி தவறாதவன்'னு எழுதி, 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று'ன்னு காட்டுறவங்களும் உண்டு. அது சிலம்பை உடைச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவன் தன் பக்கம் பேசின பேச்சு. மாணிக்கம் தெறிச்ச பிறகு அவனே அதை மாத்திக்கிறான்.