மூன்று முறை போட்டுப் பார்த்த கோட்டு

(ஹட்டனில் தையல் பயிலும் பிள்ளைகளின் ஒன்றுகூடலில் பேசியது)

தலைமை தாங்கும் பிரதேச சபை உறுப்பினர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் தோட்டத்து நலன்புரி அம்மா அவர்களே, தேநீருக்குப் பொறுப்பேற்ற மாதர் சங்கத்துச் சகோதரிகளே, என் சக தையற்காரர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். போட்டுப் பார்ப்பது ஒன்று, கைத்தையல் ஒன்று, கூலி ஒன்று. என் மாஸ்டர் கத்தரியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சொல்லுவார்: பதறாத காரியம் சிதறாது.

பாரிசில் ஆளுக்கு அளந்து தைக்கும் உயர்தரத் தையலுக்கு ‘ஓட் கூத்தூர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. 1945இலிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயரில் தைக்க வேண்டுமானால் பாரிசில் சொந்தப் பட்டறை வேண்டும், வாடிக்கையாளர் உடம்பில் போட்டுப் பார்த்துத் தைக்க வேண்டும். நாம் ‘ஃபிட்-ஒன்’ என்கிறோமே, அதுதான் அங்கே நிபந்தனை.

சரி, என் மாஸ்டர் தைத்த ஒரு கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். மகன் கலியாணத்துக்குக் கோட்டு வேண்டும் என்று ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடம் உர மூட்டையை வலது தோளில் சுமந்தவர். வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. அதற்கு முன் கடையில் தொங்கிய கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கழுத்தோரத்திலிருந்து அக்குளுக்குக் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்ததாம். “எனக்குக் கோட்டு ஒத்துவராது தம்பி” என்றார்.

முதல் ஃபிட்-ஒன்னுக்குக் கோட்டைக் கையும் கொலரும் வைக்காமல், வெள்ளை நூலால் நீள நீளமாக ஓடுதையல் போட்டுத்தான் வைத்திருந்தார் மாஸ்டர். அதே மடிப்பு விழுந்தது. கோட்டின் வலது கீழ்விளிம்பும் தொங்கியது. மாஸ்டர் தோள் தையலைப் பிரித்து, தோள் நுனியில் அரை அங்குலம் பிடித்துக் குண்டூசி குத்தினார். மீதிக் கால் அங்குலத்தை உள்ளே பஞ்சு வைத்து உயர்த்தினார். தோளைப் பிடித்தால் கைக்குழி சின்னதாகும், அக்குள் இறுகும். அதனால் குழியை அடியில் அரை அங்குலம் இறக்கி வெட்டினார். முதுகு பிடித்தது. பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருந்ததால் அங்கேயிருந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை கோட்டின் கையை ஓடுதையலில் வைத்துப் பார்த்தார். பெரியவர் கை இயல்பாகத் தொங்கும்போது கொஞ்சம் முன்னால் வரும், அதனால் கோட்டின் கையைப் பிரித்து முன்பக்கமாகத் திருப்பி வைத்தார். மூன்றாவது தடவை பொத்தானும் விளிம்பும். கண்ணாடி முன்னால் நின்ற பெரியவர் வாய் திறக்கவில்லை. வலது தோளைத் தடவித் தடவிப் பார்த்தார். பதறாத காரியம் சிதறாது என்பதை அன்றைக்குத்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

கார்மென்டில் இந்த இடமே கிடையாது. அங்கே நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், அவர்களின் கைவேகத்தை நான் மதிக்கிறேன். துணியை அடுக்கடுக்காய் விரித்து ஒரே தடவையில் வெட்டுவார்கள். ஒரு பிள்ளை நாள் முழுவதும் தோளை மட்டும் மூட்டும், அடுத்த பிள்ளை கையை மட்டும் ஏற்றும். ஆயிரம் சட்டையும் ஒரே அளவில் வருவது அதனால்தான். ஆனால் அளவு ஒரு சராசரி உடம்புக்கு. தையலுக்கு வெளியே விடுகிற துணி ஒரு சென்டிமீற்றர் அளவுதான், அதையும் ஓவர்லொக் அறுத்துவிடும். பிறகு பிரித்துப் பெருக்க நினைத்தாலும் துணி இருக்காது.

கைத்தையலுக்கு ஒரே ஒரு அடையாளம் காட்டுகிறேன். கோட்டின் கடைசிப் பொத்தான் துளைக்குக் கீழே துணியை இரண்டு விரலால் கிள்ளி, வெளித் துணியையும் உள் துணியையும் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் அது கென்வஸ். குதிரைமயிர் கலந்த அந்தத் துணியைக் கொலர் மடிப்பில் சின்னச் சின்னத் தையலாக ஊசியால் பிடித்திருப்பார்கள், அதனால் மடிப்பு தானாக உருளும். ஒன்றும் நழுவாமல் வெளித் துணி தடித்திருந்தால் சூட்டில் ஒட்டிய பசைத்துணி. மலிவானது, வேகமானது. ஒட்டல் சரியில்லை என்றால் சில சலவையில் நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதைத் திருத்துவது கஷ்டம்.

கூலியைப் பேசும் நேரம் போய்விட்டது. தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார், மன்னிக்க வேண்டும். நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு மெஷின் ஓட்டத் தெரியும், போட்டுப் பார்த்துத் திருத்தத் தெரியாது. பதறாத காரியம் சிதறாது என்று சுவரில் எழுதி ஒட்டினால் அது வராது, ஆள் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். கோயில் தலைவர் அவர்களே, சனிக்கிழமை பின்னேரங்களில் இந்த மண்டபத்தின் சின்ன அறையைத் தாருங்கள். உறுப்பினர் ஐயா, ஒரு ஆளுயரக் கண்ணாடியும் இரண்டு கனமான இஸ்திரிப் பெட்டியும் வாங்கித் தாருங்கள். நலன்புரி அம்மா, லயங்களில் சொல்லி, ஒரு தோள் இறங்கியவர்கள், முதுகு வளைந்தவர்கள் நான்கைந்து பேரை அனுப்பி வையுங்கள். அவர்களுக்குத் தைத்துத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும். துணிக்கு நான் பொறுப்பு. நன்றி, வணக்கம்.