வாளி எப்போது காலியாகும்?

நேயர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதயத்திலிருந்து கால் கட்டைவிரலுக்குப் போன ரத்தம் அப்புறம் என்ன ஆகிறது? தேர்வில் "சிரை வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் கொஞ்சம் தோண்டினால், மனசுக்குள் இருக்கும் படம் வேறு. தாமிரபரணியில் அணைக்கட்டு, அதிலிருந்து கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், அங்கிருந்து மடை, மடையிலிருந்து வயல். கார் நெல்லானாலும் பிசான நெல்லானாலும் வயலுக்குப் போன தண்ணீர் போனதுதான், பயிர் குடித்துவிடும். ரத்தமும் அப்படித்தான், உடம்பு குடித்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கேலன் என்ற கிரேக்க மருத்துவர் காலத்திலிருந்து ஆயிரத்து நானூறு வருஷம் ஐரோப்பாவின் வைத்தியர்கள் நம்பியதும் இதுதான். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்கும், அது குழாய்களில் பாய்ந்து உறுப்புகளில் செலவாகிவிடும், மறுபடியும் புதிது உண்டாகும். வாய்க்கால் கணக்குத்தான். அதை உடைத்தவர் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், 1628இல். எதை வைத்து உடைத்தார் என்பதுதான் வகுப்பறைக்கு முக்கியம். அவருடைய முக்கியமான வாதம், துடிப்பை எண்ணிப் பெருக்கியதுதான்.

கணக்கைக் கேளுங்கள். ஒரு துடிப்புக்கு இதயம் அரை அவுன்ஸ் ரத்தம் தள்ளுகிறது, அரை மணி நேரத்தில் ஆயிரம் தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டார். இரண்டுமே வேண்டுமென்றே குறைத்து எடுத்த எண்கள், எதிராளி வாயைத் திறக்கக் கூடாதே! அப்படியும் 500 அவுன்ஸ் வருகிறது, 14 லிட்டருக்கு மேல். அரை மணி நேரத்தில்! மனுஷன் உடம்பில் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர் அளவுதான். அரை மணியில் அவ்வளவு ரத்தத்தை எந்தக் கல்லீரல் செய்யும், எந்தச் சாப்பாட்டிலிருந்து செய்யும்? ஆக, போனதே திரும்பி வர வேண்டும். இந்த வாதத்தைப் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைக்கலாம். அதற்குத் தேவை ஒரு பம்பு, இரண்டு வாளி, மூன்று விரல்.

பம்பு எது? ஜாடியின் வாயில் பலூனைக் கட்டி உறிஞ்சுகுழல் செருகும் மாதிரி எல்லாருக்கும் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பத்து அமுக்கு அமுக்கினால் பலூன் கிழியும். அதைவிட சீமெண்ணெய் பம்பு நல்லது. கேனிலிருந்து எண்ணெய் எடுக்க, தலையில் கைக்கு அடங்கிய ரப்பர் குமிழும் இரண்டு பிளாஸ்டிக் குழாயும் வைத்து பாத்திரக் கடையில் விற்பார்களே, அதுதான். புதிதாக வாங்குங்கள். வீட்டில் எண்ணெய்க்குப் பயன்படுத்தியதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், அந்த வாடை எத்தனை கழுவினாலும் போகாது.

இந்தப் பம்புக்குள் இரண்டு சிறிய மடிப்பு வால்வுகள் இருக்கின்றன. குமிழை அமுக்கும்போது உள்ளே இழுக்கும் வழி மூடிக்கொள்ளும், வெளியே போகும் வழி திறக்கும். விட்டால் அப்படியே மாறும். இதயத்தின் கீழறையான வெண்ட்ரிக்கிளும் இதே வேலையைத்தான் செய்கிறது. காதை வைத்தால் கேட்கும் லப்டப் சத்தம் கூட இந்த வால்வுகள் மூடிக்கொள்வதோடு சேர்ந்து வருவதுதான்.

வால்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டிவிடுங்கள். அமுக்கினால் நசுங்குகிற ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, குழாயின் முனையைத் தண்ணீரில் முக்கி அமுக்குங்கள். போன தண்ணீர் அப்படியே திரும்பி வரும். எவ்வளவு பலமாக அமுக்கினாலும் முன்னும் பின்னும்தான், ஓட்டம் இல்லை. பம்பு என்றால் அமுக்கம் மட்டும் இல்லை, வால்வும் சேர்ந்ததுதான் பம்பு. இன்னொரு தடவையும் சொல்கிறேன், வால்வும் சேர்ந்ததுதான் பம்பு.

இப்போது வாளிக்கு வருவோம். பெஞ்சுக்குக் கீழே ஒரு வாளியில் சரியாக ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு ஆளின் ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி வாளியை பெஞ்சின் மேலே வையுங்கள். மேலேதான் வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். கீழே வைத்தால் ஒரு தடவை அமுக்கியதும் தண்ணீர் தானாகவே ஓட ஆரம்பிக்கும். சீமெண்ணெய் பம்பின் வசதியே அதுதான், நமக்கோ அது தொல்லை. இதயம் அமுக்காமலே ரத்தம் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். வெளியேறும் குழாயின் முனை மேல் வாளியின் தண்ணீருக்குள் முங்கவும் கூடாது.

பம்பின் உச்சியில் ஒரு சிறிய திருகு மூடி இருக்கும், காற்று விடுவதற்கு. அதை இறுக்கி மூடுங்கள். பம்பு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பாதிப்பேர் இதை மறந்தவர்கள். மீதிப் பேருக்கு, புதுப் பம்பில் வால்வு மடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டால் விடும். நிறத்துக்குக் குங்குமமோ செம்மண்ணோ கரைத்துவிடாதீர்கள். துகள் வால்வில் உட்கார்ந்துகொள்ளும், வால்வு ஒழுகும், அமுக்க அமுக்கத் தண்ணீர் பாதி திரும்பிப் போகும். சிவப்பு மை போதும்.

முதலில் பத்து அமுக்கில் எவ்வளவு வருகிறது என்று அளவுச் சாடியில் பாருங்கள். 450 மில்லிலிட்டர் வந்தது என்று வையுங்கள், அமுக்குக்கு 45. அப்புறம் வாளியிலிருந்து வாளிக்கு அமுக்கிக்கொண்டே எண்ணட்டும். சுமார் 111 அமுக்கில் கீழ் வாளி காலியாகிவிடும். குழாய்க்குள் நிற்கிற தண்ணீரையும் வாளி அடியில் எட்டாமல் கிடக்கிறதையும் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால், 111 துடிப்புக்கு ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் உடம்பு காலி! வளர்ந்த ஒரு ஆளின் இதயம், ஓய்வில், ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அளவு தள்ளும். அந்தக் கணக்கில் ஒரே நிமிடம்தான். 70ஐ 72ஆல் பெருக்கினால் 5040, அதாவது ஐந்து லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர், பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் இருபது குடம்.

இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். அடுத்த நிமிடத்துக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? காலையில் சாப்பிட்ட நாலு இட்லியிலிருந்தா? யாராவது ஒரு பிள்ளை எழுந்து மேல் வாளிக் குழாயைக் கீழ் வாளியில் விடச் சொல்லும். விட்டால் அதே தண்ணீர் நாள் முழுக்க ஓடும். இன்னொரு பிள்ளை, "வயலில் பாய்ந்த தண்ணியும் கசிந்து ஆத்துக்குத் திரும்ப வருதே சார்" என்று மடக்கலாம். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்காதீர்கள். கொஞ்சம் திரும்பி வருகிறதுதான், ஆனால் அணைக்கட்டுக்கு மேலே வருவதில்லையே, கீழே அல்லவா போகிறது. ரத்தம் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. திரும்பும் வழியில் தமனியையும் சிரையையும் இணைக்கிற தந்துகிகளை ஹார்வி கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் 1657இல் இறந்தார், மால்பிகி என்ற இத்தாலிய மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தது 1661இல். கணக்கு முந்திக்கொண்டது.

ஒரு பிள்ளையால் நிமிடத்துக்கு 72 தடவை அமுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாது, கை வலிக்கும். வேகமாக அமுக்கினால் குமிழ் நிரம்ப நேரம் கிடைக்காது, 45 வருகிற இடத்தில் 25 வரும். இதயம் மிக அதிக வேகத்தில் துடித்தாலும் இதேதான், நிரம்ப நேரம் வேண்டும்.

சரி, இனி அந்த 72 எங்கிருந்து வந்தது? பிள்ளைகளே எண்ண வேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், எலும்புக்கும் நரம்பு மாதிரி புடைத்து நிற்கும் தசைநாணுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் லேசாக வையுங்கள், நம்மூர் வைத்தியர் வைப்பாரே, அதேபோல. கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணுகிறவரின் நாடியே குறுக்கே வரும். அழுத்தினால் நாடி நின்றுவிடும். கழுத்தில் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம் மட்டும் பாருங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரலாம். தொட்டால் தெரியவில்லை என்கிற பிள்ளைக்கு, பட்டாணி அளவு சப்பாத்தி மாவில் தீக்குச்சியைக் குத்தி அந்தப் பள்ளத்தில் நிறுத்திவையுங்கள். கையை மேசையில் ஆடாமல் வைத்தால் குச்சி ஒவ்வொரு துடிப்புக்கும் தலையாட்டும்.

எண்ணுவதில் ஒரு தப்பு எல்லா வகுப்பிலும் நடக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறவர் "ஆரம்பி" என்றதும் வருகிற துடிப்பை "ஒன்று" என்பார்கள். அதை "பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும். நாம் எண்ணுவது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. முழு நிமிடம் எண்ணினால் ஒன்றுதான் கூடும். ஆனால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை நாலாகிவிடும். அதனால் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, ஓய்வு நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 60இலிருந்து 100 வரை சாதாரணம்.

ஓடிய பிறகு கதை தலைகீழ். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடச் சொல்லி, நின்றதும் முதல் 15 விநாடி மட்டும் எண்ணுங்கள். 31 வந்தால் நிமிடத்துக்கு 124. முழு நிமிடம் எண்ணினால் 105, 110 என்றுதான் வரும், ஏனென்றால் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாடி இறங்கிவிடுகிறது. காய்ச்சல், இளைப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளையும், சாப்பிடாமல் வந்தவர்களையும் ஓடவிடாதீர்கள். கடிகாரம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் துடிப்பது இப்போதுதான் இதயத்திலிருந்து கிளம்பி வந்த ரத்தம் என்று நினைக்க வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் இரண்டு மீட்டரை வெளிக் குழாயோடு சேருங்கள், எட்டு மில்லிமீட்டர் துளையுள்ளது என்றால் உள்ளே 100 மில்லிலிட்டர் பிடிக்கும். சாதாரணத் தண்ணீரால் நிரப்பிவிட்டு, இழுக்கும் குழாயை மை கலந்த தண்ணீருக்கு மாற்றி அமுக்குங்கள். மறுமுனையில் தண்ணீர் உடனே தெறிக்கும், சிவப்பு வந்து சேர இன்னும் சில அமுக்குகள் ஆகும். நாடி என்பது அந்தத் தெறிப்பு, ஓர் அழுத்த அலை. குழாயில் குமிழி வந்தால் இணைப்பில் காற்று புகுகிறது, சைக்கிள் டியூப் துண்டை இறுக்கிக் கட்டுங்கள்.

இதயம் ஒரு பம்பு இல்லை, இரண்டு. அதற்கு இன்னொரு சீமெண்ணெய் பம்பு வேண்டும். முதல் பம்பு தள்ளுவது 'நுரையீரல்' என்று எழுதிய பாத்திரத்துக்கு, அங்கிருந்து இரண்டாவது பம்பு இழுத்து 'உடல்' என்று எழுதிய பாத்திரத்துக்குத் தள்ளும், அங்கிருந்து மறுபடி முதல் பம்பு. மூன்று நிமிடம் அமுக்கிய பிறகு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கூடுகிறது என்று பாருங்கள், ஒரு பம்பு கொஞ்சம் குறைவாகத் தள்ளினாலும் அது தண்ணீர் இழுக்கிற பாத்திரம் நிரம்பி வழியும். இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோப்பது ஏன் என்பதற்கு... நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.